ரேங்க் கார்டில் ரேங்க் வேண்டாம்: ஒரு கணக்கு வாத்தியாரின் வழக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. இன்று சிலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு கொடுக்கும் காலம் வந்துவிட்டது. குடும்பக் குழுவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் படம் வர ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்க்கிற பெரியப்பாவும் அத்தையும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனாவது ரேங்க்?" பிள்ளைக்கு எந்தப் பாடம் வருகிறது, எது வரவில்லை என்று கேட்க ஆளில்லை. அந்த அட்டைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ரேங்க் கார்டு என்று ஆன பிறகு, வேறு எதைக் கேட்பார்கள்?

பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் ரேங்க் கார்டில் அந்தக் கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. பல பள்ளிகளில் அந்த எண்ணை வைத்துத்தான் "ஏ செக்‌ஷன்", "பி செக்‌ஷன்" பிரிக்கிறார்கள். பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதையும் மொத்த மதிப்பெண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. "பிள்ளைகள் மனம் நோகும்" என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியார். அந்த எண் கணக்காகவே தப்பு என்கிறேன்.

ஒரு பத்தாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள், ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு. பூங்கொடி, கதிரவன் என்று இருவர் என்று வையுங்கள். பெயரும் மதிப்பெண்ணும் நான் போட்டவை. ஆனால் பாடம் நடத்திய எவருக்கும் இந்த எண்கள் பழக்கமானவையாகத்தான் இருக்கும்.

பூங்கொடி: தமிழ் 90, ஆங்கிலம் 84, கணக்கு 54, அறிவியல் 76, சமூக அறிவியல் 88. மொத்தம் 392.

கதிரவன்: தமிழ் 76, ஆங்கிலம் 68, கணக்கு 98, அறிவியல் 78, சமூக அறிவியல் 76. மொத்தம் 396.

கதிரவன் முன்னால், பூங்கொடி பின்னால். ரேங்க் கார்டு இதோடு முடித்துக்கொள்ளும். இப்போது வகுப்பு சராசரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் வகுப்பு சராசரி 80, ஆங்கிலத்தில் 72, கணக்கில் 60, அறிவியலில் 70, சமூக அறிவியலில் 78. தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றிலும் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் பூங்கொடியுடையது. அதே மூன்றிலும் கதிரவன் வகுப்பு சராசரிக்கும் கீழே. மூன்று பாடத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, மூன்று பாடத்தில் சராசரியைத் தொடாத பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறது!

எப்படி நடந்தது? மூன்று பாடத்திலும் சேர்த்துப் பூங்கொடி பெற்ற முன்னிலை 14, 16, 12, ஆக 42. கணக்கு என்ற ஒற்றைப் பாடத்தில் கதிரவன் பெற்ற முன்னிலை மட்டும் 44. அறிவியலில் இன்னும் 2. முடிந்தது கதை.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் நூறு மதிப்பெண் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று நினைக்கிறோம். மொத்தத்தில் ஒரு பாடத்தின் எடையை அதன் உச்ச மதிப்பெண் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்கள் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. தமிழில் முக்கால்வாசி வகுப்பு 74க்கும் 86க்கும் நடுவே நெருங்கி நிற்கும். கணக்கில் 30இலிருந்து 98 வரை சிதறிக் கிடக்கும். தமிழில் உயிரைக் கொடுத்துப் படித்து நடுவிலிருந்து உச்சிக்குப் போனால் கிடைப்பது பத்து மதிப்பெண். கணக்கில் அதே தூரம் போனால் கிடைப்பது நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே மொத்தத்தை வைத்துப் போட்ட ரேங்க் என்பது பெரும்பாலும் கணக்கு ரேங்க்தான். மற்ற பாடங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுகின்றன, அவ்வளவே.

ஏன் தமிழ் நெருங்கி நிற்கிறது, கணக்கு சிதறுகிறது? திருத்திய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு எந்தத் தமிழாசிரியரும் லேசில் எட்டும் போட மாட்டார், ஒன்றும் போட மாட்டார். ஐந்து, ஆறு, ஏழு என்றுதான் பேனா நிற்கும். கணக்கில் அப்படியில்லை. விடை வந்தால் முழு மதிப்பெண், வராவிட்டால் படிநிலைக்கு ஏதோ ஒன்றிரண்டு, தொடாவிட்டால் பூஜ்யம். இது பாடத்தின் இயல்பும் திருத்தும் முறையும். இதில் பிள்ளையின் உழைப்புக்குச் சம்பந்தமே இல்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. முழு ஆண்டுத் தேர்வில் கணக்கு வாத்தியார் கொஞ்சம் எளிதான வினாத்தாள் எடுக்கிறார் என்று வையுங்கள். வகுப்பு முழுக்க 70க்கு மேல். பூங்கொடி 82, கதிரவன் 100. நூறுக்கு மேல் அவன் போக முடியாது, கூரை இடிக்கும். மற்ற நாலு பாடத்திலும் இருவருக்கும் அரையாண்டில் வாங்கிய அதே மதிப்பெண். இப்போது பூங்கொடி 420, கதிரவன் 398. பூங்கொடி வீட்டில் கேசரி, கதிரவன் வீட்டில் திட்டு. "அவ முன்னேறிட்டா, இவன் செல்போன்ல கெட்டுட்டான்." உண்மையில் இரண்டு பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். மாறியது வினாத்தாள்.

வினாத்தாள்தான் மாறியது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வகுப்பின் நடு மதிப்பெண்ணைப் பார்த்தால் போதும். அரையாண்டில் கணக்கின் நடு மதிப்பெண் 60 பக்கம் இருந்து, முழு ஆண்டில் 85க்கு வந்திருந்தால் வினாத்தாள் இளகியிருக்கிறது என்று பொருள். ஆனால் எந்த ரேங்க் கார்டிலாவது வகுப்பின் நடு மதிப்பெண் இருக்கிறதா? மருந்துக்குக்கூடக் கிடையாது.

அடுத்தது, மூன்று தேர்வையும் சேர்த்து ஆண்டு மொத்தம் போடும் இடம். இங்கே நடக்கும் அநியாயம் கண்ணுக்கே தெரியாது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இன்று ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தாய். போன வருடம் எனக்கு எழுதியிருந்தாள். பையனுக்கு மஞ்சள்காமாலை வந்து அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. மருத்துவச் சான்றிதழும் கொடுத்திருக்கிறாள். அறிவியலில் காலாண்டில் 78, முழு ஆண்டில் 84. ஆண்டுச் சராசரி எண்பதுக்கு மேல் என்று நினைத்திருந்தவளுக்கு அட்டையில் கிடைத்த எண் 54. எல்லாப் பாடத்திலும் இதே கதி. புது வருடத்தில் பையனைத் தனிப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "எழுதாத பரீட்சையில எப்படி சார் ஃபெயிலாவான்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. எக்செல் தாளில் நடந்தது. மூன்று தேர்வும் B, C, D என்ற மூன்று நிரல்களில் இருக்கும். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு நடுவில் AB என்று போடுவது வழக்கம். மொத்தம் காண மூன்று வழிகள் உண்டு:

```
=B2+C2+D2
=SUM(B2:D2)/300*100
=AVERAGE(B2:D2)
```

முதல் வழியில் AB என்ற எழுத்தைக் கூட்டச் சொன்னால் எக்செல் #VALUE! என்று முறைக்கும். அட்டை அச்சடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? AB இருந்த இடத்தில் 0 போட்டுவிடுவார். முறைப்பு நின்றுவிடும். அந்த நொடியில், காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை பரீட்சை எழுதிப் பூஜ்யம் வாங்கிய பிள்ளையாகிவிடுகிறது. இரண்டாவது வழி AB என்பதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு 162 என்று கூட்டும். ஆனால் வகுப்பது மட்டும் 300ஆல். அதனால்தான் 54. மூன்றாவது வழி AB இருந்தால் எழுதிய இரண்டு தேர்வுக்கு மட்டும் சராசரி கண்டு 81 என்று சொல்லும். அங்கேயும் யாராவது AB என்பதை 0 ஆக்கிவிட்டால் மறுபடி 54தான்.

"அப்படியானால் கஷ்டமான பரீட்சைக்கு மட்டம் போட்டவன் தப்பித்துக்கொள்வானே" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்கலாம். கேட்கட்டும், சரியான கேள்விதான். அதற்குத்தான் அட்டையில் "81, இரண்டு தேர்வுகளின் சராசரி" என்று எழுத வேண்டும் என்கிறேன். படிப்பவருக்கு இரண்டு செய்தியும் கிடைக்கும். வெறும் 54 என்பது ஒரு செய்தியும் சொல்லாமல் ஒரு பழியை மட்டும் சுமத்துகிறது.

வீட்டில் இருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழி. பிள்ளை ஒரு தேர்வைத் தவறவிட்டிருந்தால், எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணைக் கையால் கூட்டி, எழுதிய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அட்டையில் உள்ள எண் அதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் உள்ளே ஒரு பூஜ்யம் ஒளிந்திருக்கிறது. பள்ளிக்குப் போய்ப் பணிவாகக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.

இனி ரேங்க் போடும் முறைக்கு வருவோம். மொத்தம் சரியாகவே இருந்தாலும் ரேங்க் ஏன் ஆகாது?

வகுப்பின் உச்சியில் பிள்ளைகள் தள்ளித் தள்ளி நிற்பார்கள். நடுவில் திருவிழாக் கூட்டம். ஒரு வகுப்பில் பன்னிரண்டாவது இடத்திலிருந்து மொத்தங்கள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள்: 352, 351, 351, 350, 349, 348, 348. ரேங்க் போட்டால் 12, 13, 13, 15, 16, 17, 17. முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் ஐந்நூறில் வித்தியாசம் நாலே நாலு. அட்டையில் ஐந்து ரேங்க். ஒரு சமூக அறிவியல் விடைத்தாளைக் காலையில் திருத்தியவரே மாலையில் மறுபடி திருத்தினால் நாலு மதிப்பெண் மேலேயோ கீழேயோ போகும். நாமெல்லாம் மனிதர்கள்தானே. அந்த நாலு மதிப்பெண்ணுக்குத்தான் வீட்டில் டி.வி. கனெக்‌ஷனைப் பிடுங்குகிறார்கள்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டுமே ரேங்க். ஒரு பிள்ளை மற்ற நாலு பாடத்தில் 338 வாங்கி, கணக்கில் 33 வாங்கினால் மொத்தம் 371. தேர்ச்சிக்கு 35 வேண்டும். இரண்டு மதிப்பெண் குறைந்ததால் ரேங்க் கட்டத்தில் ஒரு கோடு. அதற்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒன்றுமே செய்யாமல் ஓர் இடம் முன்னால் வந்துவிடுவார்கள். அதாவது, உங்கள் பிள்ளையின் ரேங்க் ஏறியதற்குக் காரணம் இன்னொரு பிள்ளை தவறியதாக இருக்கலாம். "18ஆவது ரேங்க்" என்பது நாற்பது பேரில் பதினெட்டா, தேறிய இருபத்திரண்டு பேரில் பதினெட்டா? அட்டை சொல்லாது.

"அதனால்தானே சார் கிரேடு கொண்டுவந்தார்கள்" என்று இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் சொல்வீர்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஒரு மதிப்பெண் சண்டையை ஒழிக்கத்தான் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று பட்டை பிரித்தார்கள். ஆனால் பாருங்கள், 81க்கும் 90க்கும் ஒன்பது மதிப்பெண் வித்தியாசம், ஒரே கிரேடு. 90க்கும் 91க்கும் ஒரு மதிப்பெண், வேறு கிரேடு. சண்டை ஒழியவில்லை, எல்லா இடத்திலும் இருந்த சண்டையை எல்லைக் கோட்டில் கொண்டுபோய்க் குவித்தார்கள். 90.5 ஐ 91 ஆக்குவதா, 90 ஆக்குவதா என்று ஆசிரியர் அறையில் பட்டிமன்றமே நடக்கும்.

2012-13இல் நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். காகிதத்தில் செயல்பாட்டுக்கு நாற்பது சதவீத எடை. நடைமுறையில் வளரறியில் எல்லாப் பிள்ளைக்கும் 37, 38, 39 போட்டால் என்ன ஆகும்? மேலே தமிழுக்குச் சொன்ன அதே விதிதான். எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும் பகுதிக்குப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும் எடை கிடையாது. பழைய எழுத்துத் தேர்வே மறுபடி முடிவு செய்தது. எல்லாருடைய கிரேடும் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

சொந்தங்களுக்கு இன்னொரு தகவல். ஒரு வீட்டுப் பிள்ளை மாநிலப் பாடத்திட்டம், இன்னொரு வீட்டுப் பிள்ளை சி.பி.எஸ்.இ. "அவளுக்கு ஏ1, உனக்கு ஏன் இல்லை?" என்று ஒப்பிடாதீர்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, மேலேயுள்ள எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1 கொடுக்கிறார்கள். அங்கே ஏ1 என்பது இடம்; இங்கே ஏ1 என்பது மதிப்பெண். எழுத்து ஒன்று, பொருள் வேறு.

சரி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். "வெளியே உலகமே போட்டி. நீட்டிலும் டி.என்.பி.எஸ்.சி.யிலும் ரேங்க்தானே? பள்ளியிலேயே பழகட்டும்." இதைச் சொல்லும் என் மைத்துனருக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன், மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே இடம் கொஞ்சம், ஆள் அதிகம். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஒரு வரிசை தேவை. ரேங்குக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. அந்த இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதில்லை. பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃபைப் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தமிழும் ஆங்கிலமும் அதில் சேரவே சேராது. எதற்கு எவ்வளவு எடை என்பதை முன்கூட்டியே யோசித்து, சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டில் யாரும் எதையும் யோசிக்கவில்லை. கொடுக்க அங்கே ஒரு சீட்டும் இல்லை. ஐந்தையும் கூட்டினால் ஓர் எண் வருகிறது, அந்த எண் இருப்பதால் வரிசை போடுகிறோம், வரிசை இருப்பதால் பிள்ளையைப் பிரிக்கிறோம்.

கணக்கு தெரிந்த சில மாணவர்கள், "ஒவ்வொரு பாடத்தின் பரவலையும் சமன்செய்துவிட்டுக் கூட்டலாமே சார்" என்பீர்கள். செய்யலாம். பல லட்சம் பேர் எழுதும் தேர்வுக்கு அது பொருந்தும். நாற்பது பேர் வகுப்பில் செய்தால், எல்லாரும் 38, 39 வாங்கிய பகுதியில் உள்ள அந்த ஒற்றை மதிப்பெண் ஊதிப் பெரிதாகி நிற்கும். ஒரு தப்பை எடுத்து இன்னொரு தப்பை வைத்த கதையாகிவிடும். மொத்தத்தைத் திருத்துவதல்ல வழி. அட்டையில் மொத்தத்துக்கு வேலையே இல்லை என்று ஒத்துக்கொள்வதுதான் வழி.

அப்படியானால் அட்டையில் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரி. அதில் பிள்ளையின் மதிப்பெண், வகுப்பின் நடு மதிப்பெண், போன தேர்வில் இதே இரண்டு எண்கள். நடு மதிப்பெண் என்பது நாற்பது விடைத்தாளையும் வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் வரும் மதிப்பெண். எக்செல்லில் ஒரே வரி:

```
=MEDIAN(B2:B41)
```

பூங்கொடியின் அட்டையில் "கணக்கு 54, நடு 61, முழு ஆண்டில் 82, நடு 86" என்று இருந்தால், கேசரிக்கும் அவசரமில்லை, திட்டுக்கும் அவசரமில்லை. எல்லாத் தேர்விலும் கணக்கில் நடுவுக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறாள், அங்கே கொஞ்சம் கைகொடுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு வேலை கிடைக்கும். தமிழிலும் சமூக அறிவியலிலும் அவள் எங்கே நிற்கிறாள் என்பதும் முதல் தடவையாக வீட்டுக்குத் தெரியும். கதிரவன் அப்பாவுக்கும் வேலை கிடைக்கும். முதல் ரேங்குக்குள் வருகிற பையனுக்குத் தமிழும் ஆங்கிலமும் சராசரிக்குக் கீழே என்பது அந்த எண்ணுக்குள் புதைந்து கிடந்ததே!

என் மாணவர்களில் இன்று தலைமையாசிரியராகவும் தாளாளராகவும் பலர் இருக்கிறீர்கள். தேர்வுப் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் பள்ளியின் எக்செல் தாளைத் திறந்து, ரேங்க் நிரலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நடு மதிப்பெண்ணைப் போட அரைமணி நேரம் ஆகும். பெற்றோர் கூட்டத்தில் யாராவது "ரேங்க் எங்கே?" என்று சண்டைக்கு வந்தால், பூங்கொடி, கதிரவன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், வந்து நானே வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

உறவுகளுக்கு ஒரே வேண்டுகோள். இந்த வாரம் குழுவில் வரும் அட்டைகளுக்குக் கீழே "எத்தனாவது ரேங்க்?" என்று எழுத விரல் போனால், அதை அழித்துவிட்டு "எந்தப் பாடம் உனக்குக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கணக்கோடு எழுதினால் கணக்கோடு பதில் சொல்கிறேன்.